மேல்முறையீட்டாளர் தரப்பில் காளியண்ணன்

திருச்செங்கோட்டு வட்டாரத்தில் போர்வெல் ஏஜென்டாக இருந்து, உண்மையைச் சொல்லியே தொழிலைக் கெடுத்துக்கொண்டவர் என்று தேடினால் காளியண்ணன் ஒருவர்தான் கிடைப்பார். போர் போட நினைக்கும் விவசாயியையும், துளை போடும் ரிக் வண்டிக்காரரையும் சேர்த்து வைப்பது ஏஜென்டின் வேலை. கமிஷன் அடிக்கணக்கில். எனவே குழி ஆழமாக ஆழமாக ஏஜென்டின் முகம் மலர வேண்டும் என்பது தொழில் இலக்கணம். காளியண்ணனுக்கோ நானூறு அடியிலேயே முகம் வாடிவிடும். "நிறுத்திக்கலாமுங்க. இதுக்கு மேல புழுதிதான் வரும்" என்பார். விவசாயி அவரை நம்பாமல் அடுத்த ஏஜென்டிடம் போவார். ரிக் வண்டிக்காரர் அவரை நம்பி, அதனாலேயே இனி கூப்பிடாமல் விட்டுவிடுவார்.

இப்படிப்பட்டவர் வக்கீலுக்குப் படிக்க வந்ததற்கு ஒரு சாட்சிக்கூண்டு காரணம். தண்ணீர் வராத போர் ஒன்றைப் பற்றிய வழக்கில் அவரைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். வாதியின் வக்கீல் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அவர் கேட்க மறந்ததையும் சேர்த்துச் சொன்னார். பிரதிவாதியின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது, அவர் எதை மறைக்கப் பார்க்கிறார் என்பதையும் விளக்கினார். இரண்டு வக்கீல்களும் அன்று முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். நீதிபதி மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஐயா, நீங்க சட்டம் படிச்சிருந்தா இவ்வளவு பேச மாட்டீங்க" என்றார். காளியண்ணன் அதை அறிவுரையாக எடுத்துக்கொண்டார். தபால் வழியில் வாங்கிய பி.ஏ. பட்டம் பெட்டியில் சும்மா கிடந்தது. நாற்பத்தாறாம் வயதில், சேலத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தார்.

இப்போது இறுதியாண்டு. சக மாணவர்கள் அவரை அங்கிள் என்றார்கள். வாட்ச்மேன் மட்டும் முதல் வருஷம் முழுக்க, மகளுக்கு ஃபீஸ் கட்ட வந்தவர் என்று நினைத்து நாற்காலி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த இறுதியாண்டில் அவருக்கு ஒரே ஓர் ஆசை. கல்லூரியின் மூட் கோர்ட் அணியில் ஓர் இடம் வேண்டும்.

மூட் கோர்ட் என்பது மாணவர்கள் நடத்தும் மாதிரி நீதிமன்றம். இல்லாத நாட்டில், இல்லாத சட்டத்தின் மேல், இல்லாத கட்சிக்காரர்களுக்காக மெய்யான வியர்வை சிந்தி வாதாடும் போட்டி அது. ஓர் அணியில் மூன்று பேர். இருவர் பேசுவார்கள். மூன்றாமவர் ரிசர்ச்சர், வாய் திறக்கக் கூடாது, எழுதலாம், தேடலாம், வாதாடுகிறவருக்குத் துண்டுச்சீட்டு தள்ளலாம். பேசும் இடங்கள் இரண்டும் அம்மாப்பேட்டை மோனிஷாவுக்கும் ஆத்தூர் சந்தோஷ்குமாருக்கும் போய்விட்டன. மீதி இருந்தது வாய் திறக்கக் கூடாத இடம். அதற்கு இரண்டு பேர் போட்டி: ஒருவர் காளியண்ணன், மற்றவள் ஐந்தாண்டுப் படிப்பில் மூன்றாம் வருஷம் படிக்கும் நிலா, ஒரு தேர்விலும் இரண்டாவது வராதவள்.

"நிலாவுக்கு அடுத்த வருசமும் இருக்கு. எனக்கு இத உட்டா நேரா நெசக் கோர்ட்டுத்தானுங்க சார்" என்று காளியண்ணன் மன்றாடினார்.

அணியின் பயிற்சியாளரான உதவிப் பேராசிரியர் குமரகுருவுக்கு வயது முப்பத்து மூன்று. மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே அண்ணன் என்று அழைத்ததாக ஆகிவிடும் சங்கடம் வேறு அவருக்கு இருந்தது. அவர் ஒரு வழி சொன்னார். இருவரும் மேல்முறையீட்டாளர் தரப்புக்கு மெமோரியல் எனப்படும் எழுத்து வாதத்தின் இரண்டு பகுதிகளை மட்டும் எழுத வேண்டும்: நீதிமன்றம் தீர்க்க வேண்டிய எழுவினாக்கள் ஒரு பக்கம், வாதச் சுருக்கம் இரண்டு பக்கம். முதல் வரைவை ஒரே ஒருமுறை அவர் பார்த்துக் குறை சொல்வார். பிறகு பெயரில்லாமல், எண் மட்டும் போட்டு, சேலம் பாரில் இருக்கும் வக்கீல் ஜீவானந்தத்திடம் போகும். அவர் படித்துவிட்டு இருவரையும் கேள்வி கேட்டுத் தீர்மானிப்பார்.

"நீதிபதி முழு மெமோரியலையும் படிப்பார்னு நம்பாதீங்க" என்றார் குமரகுரு. "இந்த மூணு பக்கத்தைப் படிப்பார். மீதியைப் புரட்டுவார்."

போட்டி வழக்கு கனகபுரி என்ற மாநிலத்தில் நடந்தது. அந்த மாநிலம் இருக்கும் கற்பனை நாட்டின் அரசியலமைப்பு இந்தியாவினுடையதைப் போன்றதே என்று முதல் அடிக்குறிப்பு தெரிவித்தது. கனகபுரியில் நிலத்தடி நீர் வற்றுகிறது. சட்டமன்றம் ஒரு சட்டம் போடுகிறது. ரிக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும். போட்ட ஒவ்வொரு போரின் ஆழத்தையும் அறிக்கையாகத் தர வேண்டும். ஒன்பதாம் பிரிவின்படி, அட்டவணையில் உள்ள மாவட்டங்களில் ஐந்தாண்டுகளுக்குப் புதிய போர் போடக் கூடாது. இருபத்திரண்டு மாவட்டங்களில் அட்டவணையில் இருப்பவை மூன்று. அந்த மூன்று மாவட்டத்து ரிக் உரிமையாளர்கள் உயர்நீதிமன்றம் போகிறார்கள். தொழில் செய்யும் உரிமை முழுசாகப் பறிபோகிறது, திறந்த கிணறு வெட்டுகிறவனை விட்டுவிட்டு எங்களை மட்டும் பிடிப்பது சமத்துவம் இல்லை என்கிறார்கள். உயர்நீதிமன்றம் சட்டம் முழுவதையும் ரத்து செய்துவிடுகிறது. மாநில அரசு உச்சநீதிமன்றத்துக்கு வருகிறது.

ஆக, மேல்முறையீட்டாளர் அரசு. எதிர்மனுதாரர் ரிக்காரர்கள்.

இருபது வருஷம் ரிக் வண்டியின் பின்னால் பைக்கில் போன காளியண்ணன், ரிக் வண்டியை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டும்.

வழக்கைப் படித்த அன்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்குத் தெரிந்த விஷயம்! மூன்றே நாளில் முதல் வரைவோடு குமரகுருவின் அறைக்கு வந்துவிட்டார். மெமோரியல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். காளியண்ணன் தமிழில் யோசித்து, பத்திர எழுத்தர் பாணி ஆங்கிலத்தில் எழுதினார். நமக்கு அவர் யோசித்ததே போதும்.

குமரகுரு முதல் பக்கத்தைப் பார்த்தார். "என்னங்க இது, பதினோரு இஷ்யூ?"

"பன்னெண்டு இருந்துச்சுங்க சார். ஒண்ண நானே அடிச்சுப்போட்டனுங்க."

"முதல் இஷ்யூ, 'இந்த மேல்முறையீடு நிலைக்குமா?' ஏன் நிலைக்காது? ஐகோர்ட்டே சான்று கொடுத்து அனுப்பியிருக்கு. எதிர்த்தரப்பே கேட்காத கேள்வியை நம்மளே ஏன் கேட்டு, நம்ம கதவையே தட்டிப் பார்க்கணும்?"

"எல்லா மெமோரியல்லயும் இருந்துச்சுங்க."

"அஞ்சாவதைப் படிங்க."

காளியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்திராத அதிகாரிகள், அதைப் பற்றி உத்தரவு போடுவது நியாயமாகுமா?'"

"நீங்க யாருக்கு ஆஜராகறீங்க?"

"அப்பீல்காரருக்குங்க."

"அப்பீல்காரர் யாரு?"

காளியண்ணன் தன் தாளின் தலைப்பை எட்டிப் பார்த்தார். "அரசாங்கமுங்க" என்றார் காளியண்ணன்.

"இந்தக் கேள்விக்கு நீதிபதி என்ன பதில் சொல்வார்?"

"ஆகாதுன்னுதான் சொல்லுவாருங்க. ஆரு கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க."

"அப்ப கேஸை நம்மளே தோத்துட்டோம். முதல் பக்கத்துலயே." குமரகுரு பேனாவை எடுத்தார். "எழுவினாங்கறது கேள்வி மாதிரி இருக்கணும். ஆனா நம்ம பக்கம் சாய்ஞ்சிருக்கணும். சாய்ஞ்சிருக்கறது கண்ணுல படக்கூடாது. மூணே மூணு போதும். சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா? தொழில் உரிமை மேல வெச்சது நியாயமான கட்டுப்பாடா? போரையும் திறந்த கிணற்றையும் பிரிச்சது சமத்துவத்துக்கு விரோதமா? அதே வரிசையில வாதச் சுருக்கம். ஒரு இஷ்யூவுக்கு ஒரு பத்தி."

வாதச் சுருக்கத்தைப் புரட்டியதும் அவர் பேனா நின்றுவிட்டது. "'திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் வண்டிகள் ராஜஸ்தான் வரைக்கும் போய் போர் போடுகின்றன. 2011இல் ஜெய்சல்மேருக்கு அப்பால் எங்கள் வண்டி...' காளியண்ணன், இது வழக்கோட எந்தப் பாராவுல இருக்கு?"

"பாராவுல இல்லீங்க. நேர்ல பாத்தது. நானும் போயிருந்தனுங்க."

"நீங்க போனது அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குத் தெரியாது. கொடுத்திருக்கற பதினெட்டுப் பக்கத்துக்கு வெளிய ஒரு துரும்பைக் கூட எடுக்கக் கூடாது. அதை விடுங்க, மெமோரியல்ல எந்தக் காலேஜ், எந்த ஊருன்னு தெரிஞ்சாலே டீமை டிஸ்குவாலிஃபை பண்ணிடுவாங்க. நீங்க ஊர்ப் பேரையே எழுதிட்டீங்க."

"கண்ணால பாத்தது செல்லாது, காயிதத்துல இருக்கறது செல்லுமுங்களா?"

"செல்லும்."

காளியண்ணனுக்கு இது புதிதில்லை. தாலுகா ஆபீசிலும் அப்படித்தான். என்றாலும் நீதிமன்றத்தில் வேறாக இருக்கும் என்று ஒரு நப்பாசை வைத்திருந்தார்.

"கடைசியா ஒண்ணு" என்றார் குமரகுரு. "மாற்று வாதம் எங்க? ஒன்பதாம் பிரிவு செல்லாதுன்னு கோர்ட் சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க? அதை மட்டும் வெட்டிட்டு மீதிச் சட்டத்தைக் காப்பாத்துங்கன்னு கேக்க வேண்டாமா? 'ஒப்புக்கொள்ளாமல், அப்படியே கொண்டாலும்'னு ஒரு பத்தி எழுதணும்."

"அதெப்படிங்க சார்? செல்லும்னு மேல எழுதிப்போட்டு, செல்லாட்டியும்னு கீழ எழுதறதுங்களா? படிக்கறவரு, இவனுக்கே நம்பிக்கை இல்லன்னு நெனைக்க மாட்டாருங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"ஒரே வாயில ரெண்டு பேச்சு எனக்கு வராதுங்க" என்று சொல்லிவிட்டு, வரைவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பேச்சு வராமல் வக்கீலாக வருவது எப்படி என்று குமரகுரு கேட்கவில்லை. பண்புள்ளவர்.

வீட்டில் வேறு வகையான எதிர்ப்பு காத்திருந்தது. மனைவி பொன்னாத்தாளின் அண்ணன் சின்னண்ணன் வந்திருந்தார். இரண்டு ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். காபி வரும்வரை சும்மா இருக்க முடியாமல் மேசைமேல் கிடந்த சட்டத்தை எடுத்துப் படித்திருக்கிறார்.

"ஏனுங்க மாப்ள, இதென்ன அக்கிரமம்? அஞ்சு வருசத்துக்கு வண்டிய நிறுத்தோணுமாமா? எந்த ஊர்ல இது?"

"கனகபுரியிலீங்க மச்சான்."

"அது எங்கிருக்குது?"

"எங்கயும் இல்லீங்க. கற்பனை."

"சரி. நம்ம ஆளுகளுக்குத்தான நீங்க எழுதறீங்க?"

காளியண்ணன் பொய் சொல்லத் தெரியாத குறையை மறுபடி வெளிக்காட்டினார். "இல்லீங்க. அரசாங்கத்துக்கு."

சின்னண்ணன் காபியை வாங்காமலேயே எழுந்துவிட்டார். "பொன்னு, உன்ற ஊட்டுக்காரரு சம்பளம் இல்லாமயே கவர்மெண்ட் உத்தியோகம் பாக்கறாரு. நல்லாப் பாக்கட்டும்." வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "எங்க வண்டி இன்னிக்கு ஒரு ஊர்ல நின்னா நாளைக்கு வேறொரு ஊருக்குப் போயிரும். சட்டம் எங்கள என்ன பண்ணும்?" என்றார் வீம்பாக.

அவர் போன பிறகுதான் காளியண்ணன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உயர்நீதிமன்றம் சொன்னது என்ன? மூன்று மாவட்டத்திலும் குடியிருக்கும் ரிக்காரர்களுக்குப் பிழைப்பே போய்விடுகிறது. இது கட்டுப்பாடு அல்ல, தொழிலுக்கே தடை. மூன்று மாவட்டம்தானே, மீதி பத்தொன்பது இருக்கிறதே என்று யாரும் எழுதிவிடலாம். நிலா எழுதியே இருப்பாள். ஆனால் அங்கே குடியிருக்கிறவன் கதி என்ன என்று உயர்நீதிமன்றம் கேட்கிறது. அதற்கு ஒரே பதில், ரிக்காரன் குடியிருக்கும் ஊர் வேறு, தொழில் நடக்கும் ஊர் வேறு என்பது. அது காளியண்ணனுக்குத் தெரியும். சின்னண்ணனுக்குத் தெரியும். திருச்செங்கோட்டில் பால் ஊற்ற வருகிறவருக்குக் கூடத் தெரியும். பதினெட்டுப் பக்கத்துக்குத்தான் தெரியாது.

மறுநாள் பஸ்ஸில், சங்ககிரி தாண்டுவதற்குள் பதினெட்டுப் பக்கத்தையும் இரண்டுமுறை படித்தார். மூன்றாம்முறை, எல்லோரும் தாண்டிப்போகும் இடத்தில் நின்றார்: இரண்டாம் பிரிவு, சொற்பொருள் விளக்கம். 'துளைப்பு இயந்திரம்' என்றால் என்ன என்று சட்டமே சொல்லியிருந்தது: மோட்டார் வாகனத்தின்மேல் பொருத்தப்பட்டு, இடம்விட்டு இடம் செல்லத்தக்க, துளையிடும் கருவி.

கண்டக்டர் டிக்கெட் கேட்டது அவர் காதில் விழவில்லை.

கல்லூரி வாசலிலேயே மோனிஷாவைப் பிடித்தார். "அம்மிணி, இதப் பாரு. வண்டிக்குச் சக்கரம் இருக்குதுன்னு சட்டமே ஒத்துக்குது!"

மோனிஷா படித்துப் பார்த்தாள். "அங்கிள், டெஃபனிஷன் செக்ஷனை எல்லாம் யாரு படிப்பாங்க?"

"நான் படிச்சனே."

"அப்ப செகண்ட் இஷ்யூ செம ஸ்ட்ராங். தொழிலைத் தடுக்கல, இடத்தைத்தான் தடுக்குது. இப்படியே எழுதுங்க. அந்த ஆல்டர்னேடிவ் பத்தியை எழுதினீங்களா?"

"அது மட்டும் வர மாட்டேங்குது சாமி."

"அது இல்லாட்டி மார்க் கட் அங்கிள். நிலா ரெண்டு பத்தி எழுதியிருக்காளாம்."

வரைவைக் கொடுக்கப் புதன்கிழமை மதியம் கடைசி நேரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காளியண்ணன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, 'ஒப்புக்கொள்ளாமல்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தார். அந்தச் சொல்லில் ஏதோ மோசடி இருப்பதாக அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒப்புக்கொள்ளாதவன் எதற்கு அதைப் பேச வேண்டும்?

கூடத்தில் பொன்னாத்தாள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் காளியண்ணனின் பெரியப்பா மகள். பரமத்தியில் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு இவர்கள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"எங்களுக்கு அழைப்பே இல்லீங்க அக்கா" என்றாள் பொன்னாத்தாள். "வாட்ஸப்புல அனுப்புனா அழைப்பாகுமுங்களா? பங்காளின்னா தட்டத்துல பத்திரிகை வெச்சு, நேர்ல ஊட்டுக்கு வந்து, புருசன் பொண்டாட்டியா நின்னு கூப்புடோணும். அதானே மொறை?"

மறுமுனை ஏதோ சொன்னது. இந்தக் காலத்தில் அதையும் அழைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றிருக்கும்.

"சரிங்க, அழைப்புன்னே வெச்சுக்குவோம். நா ஒத்துக்கல, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அதுல அவர் பேரு மட்டுந்தான் இருந்துச்சு. குடும்பத்தோடன்னு ஒரு வார்த்தை இல்ல. அப்ப நா எப்பிடி வருவேன்?"

மறுமுனை விடவில்லை.

"அட, அதுவும் போகட்டுங்க. குடும்பத்தோடன்னே எழுதியிருந்தாலும், நம்ம புள்ள காதுகுத்துக்கு அவுங்க வந்தாங்களா? மூணு வருசமாச்சு, ஒரு எட்டு வந்து பாத்தாங்களா? அதுக்கு என்ன சொல்றீங்க?"

மறுமுனை பேச்சைக் கல்யாணச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டது.

காளியண்ணன் பேனாவைப் பிடித்தபடியே அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் மனைவியின் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுவே முதல்முறை. பொன்னாத்தாள் சொன்ன மூன்றில் ஒன்றும் பொய் இல்லை. ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளவும் இல்லை. முதல் காரணம் விழுந்தால் இரண்டாவது தன் காலில் நிற்கிறது. இரண்டாவதும் விழுந்தால் மூன்றாவது. எதையும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. எதிராளி எங்கே வந்து நின்றாலும் அங்கே தனக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறாள்.

"ஏங்க, போன்ல பேசறத எதுக்கு இப்பிடி வாயப் பொளந்துட்டுக் கேக்கறீங்க?" என்றாள், போனை வைத்துவிட்டு.

"பொன்னு, அந்த 'ஒரு பேச்சுக்குச் சொல்றேன்'ன்னு சொன்னியே, அத இன்னொருக்காச் சொல்லு."

"என்னமோ ஆச்சு இவருக்கு" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரவுச் சோற்றுக்கு முன்பே வாதச் சுருக்கம் முடிந்துவிட்டது. ஒன்று: நீர் மாநிலப் பட்டியலில் பதினேழாம் பதிவு, சட்டம் போட அதிகாரம் உண்டு. இரண்டு: சட்டம் தடுப்பது மூன்று மாவட்டத்தில் ஒரு செயலை, தொழிலை அல்ல. சட்டமே கருவியை இடம்விட்டு இடம் செல்லத்தக்கது என்று வரையறுத்திருக்க, உரிமையாளர் குடியிருக்கும் இடத்தை வைத்து அவர் பிழைப்பு முழுதும் போயிற்று என்று உயர்நீதிமன்றம் கொண்டது சரியன்று. மூன்று: திறந்த கிணறு மேல்மட்ட நீரை எடுக்கிறது, துளைப்பு இயந்திரம் ஆழ்நீரை எடுக்கிறது என்று சட்டத்தின் நோக்க உரையே சொல்கிறது, வகைப்பாட்டுக்கும் நோக்கத்துக்கும் தொடர்பு உண்டு. கடைசியாக: ஒப்புக்கொள்ளாமல், ஒன்பதாம் பிரிவு செல்லாது என்றே கொண்டாலும், பதிவும் ஆழ அறிக்கையும் அதை நம்பி நிற்கவில்லை, அதை மட்டும் நீக்கி மற்றதை நிலைநிறுத்த வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கு ஆறு வரி குறைவு. ஜெய்சல்மேர் எங்கும் இல்லை.

வியாழக்கிழமை வக்கீல் ஜீவானந்தம் வந்தார். முப்பது வருஷ அனுபவம். காலையில் இரண்டு வாய்தா வாங்கிவிட்டு வந்த முகம். இரண்டு வரைவுகளையும் மேசைமேல் வைத்து, முதலில் ஏ-3 என்ற எண்ணுக்குரியவரைக் கூப்பிடச் சொன்னார். நிலா போனாள். கதவு திறந்தே இருந்ததால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காளியண்ணனுக்கு எல்லாம் கேட்டது. நிலாவின் ஆங்கிலம் தண்ணீர் மாதிரி ஓடியது. கனகபுரியில் ஓடாத தண்ணீர் எல்லாம் அவள் பேச்சில் ஓடியது. தீர்ப்புகளைப் பத்தி எண்ணோடு சொன்னாள். காளியண்ணன் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார், எழுந்து போக வசதியாக.

"எல்லாம் நல்லா இருக்கு" என்றார் ஜீவானந்தம் உள்ளே. "ஒரே கேள்வி. அரசாங்கம் நாளைக்கு அட்டவணையைத் திருத்தி இருபத்திரண்டு மாவட்டத்தையும் சேர்த்துட்டா?"

"அப்படி ஒரு சூழல் இந்த வழக்கில் எழவில்லை, மை லார்ட்."

"எழவில்லைன்னு தெரியும்மா. எழுந்தா?"

"அது வெறும் யூகம், மை லார்ட்."

"நான் யூகிக்கத்தான் கேக்கறேன்."

நிலா மூன்றாம்முறையும் மரியாதையாக மறுத்தாள். புத்தகப்படி அவள் சொன்னது சரி. ஜீவானந்தம் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்தவரை அழைத்தார்.

உள்ளே நுழைந்த காளியண்ணனைப் பார்த்ததும் அவர் எழுந்து நிற்கப் போனார். "வாங்க சார், நீங்க ஃபேகல்ட்டியா?"

"இல்லீங்க. ஏ-7 நாந்தானுங்க."

ஜீவானந்தம் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "இந்தச் சொற்பொருள் விளக்கத்தை எங்க இருந்துங்க பிடிச்சீங்க? என் ஜூனியர்ஸ் ஒருத்தனும் இரண்டாம் பிரிவைப் படிக்க மாட்டான்." பதிலுக்குக் காத்திராமல் அதே கேள்வியைப் போட்டார். "இருபத்திரண்டு மாவட்டமும் அட்டவணைக்குள்ள வந்துட்டா, உங்க சக்கரம் எங்க ஓடும்?"

மூலையில் உட்கார்ந்திருந்த குமரகுருவின் கண்கள் 'யூகம் என்று சொல்லுங்கள்' என்று கெஞ்சின. காளியண்ணன் ஒரு கணம் யோசித்தார். சாட்சிக்கூண்டு நாட்களில் இருந்தே அவருக்குக் கேட்ட கேள்வியைத் திருப்பி அனுப்பத் தெரியாது.

"ஓடாதுங்க" என்றார். "அப்ப அது முழுத்தடைக்குக் கிட்ட வந்துருமுங்க. நியாயம்னு காட்டற பாரம் அரசாங்கத்து மேல ரொம்பக் கூடிப்போகும். இந்த ரெண்டாம் வாதத்த வெச்சு என்னால அத்தன பாரம் தூக்க முடியாதுங்க."

குமரகுரு கண்ணை மூடிக்கொண்டார்.

"தோத்துட்டேன்னு சொல்றீங்க?"

"அந்த வாதம் தோத்துருமுங்க. நாந் தோக்கலீங்க. மாநிலத்துக்கு அதிகாரம் இருக்குதுங்கற மொத வாதம் மாவட்டக் கணக்க நம்பி நிக்கல. கெணறு வேற போர் வேறங்கறதும் அத நம்பி நிக்கல. ஒம்பதாம் பிரிவே போனாலும் பதிவும் அறிக்கையும் நிக்குமுங்க. அதுவும் போக, இன்னிக்கு அட்டவணையில மூணுதானுங்க இருக்குது. இன்னிக்கு இருக்கற சட்டத்துக்குத்தான் இன்னிக்குத் தீர்ப்பு."

ஜீவானந்தம் நாற்காலியில் சாய்ந்தார். "விட்டுக்கொடுத்தது எது, கொடுக்காதது எதுன்னு இவ்வளவு தெளிவா என் எதிர்த்தரப்பு வக்கீல் ஒருநாள் சொன்னா, நான் பாதி கேஸை ராஜி பண்ணிடுவேன்" என்றார். "மாற்று வாதத்தை யாருங்க இவ்வளவு சுத்தமா எழுதக் கத்துக் கொடுத்தாங்க?"

குமரகுரு கண்ணைத் திறந்து, அடக்கமாகப் புன்னகைக்கத் தொடங்கினார்.

"ஊட்ல போன் பேசறதக் கேட்டனுங்க" என்றார் காளியண்ணன்.

முடிவு அரை மணி நேரத்தில் வந்தது. இடம் காளியண்ணனுக்கு. நிலா வந்து கைகொடுத்தாள். "அங்கிள், நீங்க விட்டுக்கொடுத்து கன்சீட் பண்ணீங்க, நான் பண்ணல. ஆனா நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. இது எந்த புக்ல இருக்கு?" என்றாள். பாதி சிரிப்பு, பாதி கோபம். "தெரியல சாமி. எங்கியாவது இருந்தாச் சொல்லு, அடிக்குறிப்புல போட்டர்லாம்" என்றார் அவர்.

மோனிஷா அதே பதினெட்டுப் பக்கத்தை மறுபடி அவர் கையில் திணித்தாள். "கன்கிராட்ஸ் அங்கிள். திங்கட்கிழமைக்குள்ள ரெஸ்பான்டன்ட் மெமோரியல்."

"அது வேற டீமு எழுதாதா?"

"ரெண்டு பக்கமும் நம்மதான் எழுதணும். ரூல்ஸ். போட்டியன்னைக்கு எந்தப் பக்கம் பேசறதுன்னு சீட்டுக் குலுக்கித்தான் சொல்லுவாங்க."

"அப்ப எனக்கு எதிரா நானே எழுதோணுமா?"

"ஆமா. உங்க சக்கரத்தை நீங்களே கழட்டணும்."

காளியண்ணன் நூலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சின்னண்ணனுக்குப் போன் போட்டு, இந்தமுறை உங்கள் பக்கம்தான் என்று சொல்லலாமா என்று யோசித்தார். முதலில் வாதம் வரட்டும் என்று விட்டுவிட்டார். தாளில் எதிர்மனுதாரர் தரப்பில் என்று தலைப்புப் போட்டு, இரண்டாம் பிரிவை மறுபடி படித்தார். மோட்டார் வாகனத்தின்மேல் பொருத்தப்பட்ட. மோட்டார் வாகனம். அரசியலமைப்புப் புத்தகத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டினார். இயந்திரத்தால் இயங்கும் வாகனங்கள் பொதுப்பட்டியலில், முப்பத்தைந்தாம் பதிவில் இருந்தன. மத்திய அரசும் சட்டம் போடலாம், போட்டும் இருக்கிறது. மாநிலச் சட்டம் அதோடு முட்டினால் மாநிலத்தினுடையதுதான் விழும். வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது என்று அரசு தரப்பே இவ்வளவு அழுத்திச் சொல்லும்போது...

"அம்மிணி" என்று மோனிஷாவைக் கூப்பிட்டார், கலவரத்தோடு. "இந்த அரசாங்கத்துக்கு எழுதுனவன் ஆரு? இத்தன பெரிய ஓட்டைய உட்டு வெச்சிருக்கறான்!"